வங்கிக் கவுன்ட்டரில் உட்காரும் இந்திக்காரருக்கு அரை மணி நேரத் தமிழ்

வட மாநிலத்திலிருந்து தமிழ்நாட்டுக் கிளை ஒன்றுக்கு மாற்றலாகி வரும் வங்கி அதிகாரி, வந்த ஒரு வாரத்துக்குள் தமிழ் சொல்லித்தர ஆள் தேடுவார். அவசரம் உண்மையானது. சென்னையில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிறிய கிளையில் காலை பத்து மணிக்குக் கவுன்ட்டர் முன்னால் நிற்கும் பாட்டியிடம் அது செல்லாது. இப்படி வருபவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு போனிலும் வீடியோ அழைப்பிலும் அரை மணி நேர வகுப்பாகப் பேச்சுத் தமிழ் சொல்லித்தருவது என் வேலை. இதை எப்படிச் செய்வது என்று கேட்க எனக்கு யாரும் இருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் உற்சாகமாக வந்தவர் மூன்றாம் வாரம் சொல்லாமல் நின்றுவிடுவார். ஏன் என்று புரியாமல் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பணமும் போகும், அதைவிட மோசமாக, நமக்குச் சொல்லித்தரத் தெரியவில்லையோ என்ற எண்ணம் வந்துவிடும். இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த மூன்றாம் வாரத்தைத் தாண்டும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். இந்தி தாய்மொழியாக உள்ளவர், வங்கி வேலை என்ற ஒரே வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிக்கல் எங்கே வருகிறது என்பது இதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

முதலில் பாடத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி. கடையில் கிடைக்கும் முப்பது நாள் புத்தகங்கள் 'என் பெயர் இது, நான் இந்த ஊரிலிருந்து வருகிறேன்' என்று தொடங்கும். கவுன்ட்டரில் யாரும் அதிகாரியின் பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. ஆகவே முதல் வகுப்புக்கு முன்பே மாணவரிடம் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். மூன்று வேலை நாட்கள், பக்கத்தில் இருக்கும் தமிழ் தெரிந்த சக ஊழியரைக் கேட்டு, வருகிறவர்கள் என்ன காரியத்துக்கு வருகிறார்கள் என்று இந்தியிலேயே ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள். சிலர் ஆர்வத்தில் வாடிக்கையாளர் பேசுவதைப் போனில் பதிவுசெய்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை உடனே தடுத்துவிடுங்கள். அது இன்னொருவரின் கணக்கு விவரம். அவர் வேலைக்கே ஆபத்தாக முடியும். தாளில் குறித்தாலே போதும். கிராமப்புறக் கிளை என்றால் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: நூறு நாள் வேலைப் பணமோ முதியோர் பணமோ வந்துவிட்டதா என்று கேட்க வருபவர்கள், புத்தகத்தில் என்ட்ரி போட வருபவர்கள், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வருபவர்கள், நகையை வைக்க அல்லது திருப்ப வருபவர்கள், போன் நம்பர் மாற்ற, ஏடிஎம் கார்டு வரவில்லை என்று சொல்ல வருபவர்கள்.

இந்தப் பட்டியலை நீங்கள் தமிழ் ஆக்கும்போது, அந்த மக்கள் வாயில் வருவது போலவே ஆக்க வேண்டும். 'எனது கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டுள்ளதா' என்று யாரும் கேட்பதில்லை. 'காசு ஏறிடுச்சா சார்?' என்பார்கள். நகையை 'அடமானம் வைக்க வேண்டும்', 'மீட்க வேண்டும்' என்று படிவத்தில் இருக்கும். நேரில் 'நக வைக்கணும்', 'நகயத் திருப்பணும்' என்பார்கள். வை என்றால் வைப்பது, திருப்பு என்றால் திருப்புவது என்று மட்டும் படித்த மாணவர் இதைக் கேட்டு, நகையை எங்கே வைக்கச் சொல்கிறார், எந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறார் என்று விழிப்பார். இங்கே ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தமிழைச் சொல்லித்தருவதைப் பார்த்து உங்கள் வீட்டிலேயே 'கொச்சையாச் சொல்லிக் குடுக்கறியே' என்பார்கள். மாணவரின் தமிழ் நண்பர் ஒருவரும் 'இது சரியான தமிழ் இல்லை' என்று சொல்லி அவரைக் குழப்புவார். மனசு நோகத்தான் செய்யும். முதல் வகுப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்: எழுதுவதும் செய்தி வாசிப்பதும் ஒரு தமிழ், பேசுவது இன்னொன்று, இரண்டுமே தமிழ்தான், உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது. எழுத்தைப் பிறகு படிக்கலாம். முதல் மாதம் அவர் தேவநாகரியிலேயே குறிப்பெடுக்கட்டும்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். நாம் இயல்பாகவே, மாணவர் என்ன பேச வேண்டும் என்று யோசித்துப் பாடம் போடுவோம். அவரும் அதையே கேட்பார். ஆனால் கவுன்ட்டரில் பேச்சைத் தொடங்குபவர் வாடிக்கையாளர். அவர் சொன்னது புரியாவிட்டால், மாணவர் எத்தனை வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தாலும் எதை எடுத்து வைப்பது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் காதுக்குப் பாதி, வாய்க்குப் பாதி என்று பிரித்துவிடுங்கள். நான் பிரிக்கும் விதம் இது: முதல் ஐந்து நிமிடம், போன வகுப்புக்குப் பிறகு கவுன்ட்டரில் காதில் விழுந்து புரியாத ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்டதோ அப்படியே. அடுத்த பத்து நிமிடம் கேட்பது மட்டும். நான் வாடிக்கையாளராக நின்று ஒரே விஷயத்தை நாலு விதமாகக் கேட்பேன். அவர் இந்தியில் 'இவருக்கு என்ன வேண்டும்' என்று சொன்னால் போதும். பிறகு பத்து நிமிடம் அவர் பதில் சொல்லும் பயிற்சி. கடைசி ஐந்து நிமிடத்தில் அன்றைய எட்டுப் பத்து வாக்கியங்களை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அவருக்கு அனுப்புகிறேன், ஒவ்வொன்றும் இரண்டு முறை. பதிவு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் யாரும் திரும்பக் கேட்பதில்லை.

குரல் பதிவிலும் வகுப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். மெதுவாகச் சொல்லச் சொன்னால் நம் வாய் தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். 'என்ன வேணுங்க' என்பதை ஒருவர் புரியாமல் பார்த்தால், அடுத்த தடவை 'என்ன... வேண்டும்...' என்று நிறுத்திச் சொல்வோம். பாவம், மாணவருக்கு அது புதிதாக இன்னொரு சொல். 'எவ்ளோ' என்பது 'எவ்வளவு' ஆகும், 'குடுங்க' என்பது 'கொடுங்கள்' ஆகும். மாணவர் முகத்தில் குழப்பம் கூடினால் இதுதான் காரணமா என்று பாருங்கள். வழி: வேகத்தைக் குறைக்காமல் அதே வாக்கியத்தை அதே உருவத்தில் மூன்று முறை சொல்லுங்கள், பிறகு வாக்கியத்தை இரண்டாக உடைத்து, உடைத்த துண்டுகளையும் பேச்சு வேகத்திலேயே சொல்லுங்கள். கிளையில் இருக்கும் சக ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் இதையே செய்வார்கள், அல்லது இந்தி, ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அதற்கு முதல் வகுப்பிலேயே மூன்று வாக்கியம் கையில் கொடுத்து அனுப்புங்கள்: 'இன்னொரு தடவ சொல்லுங்க', 'கொஞ்சம் மெதுவா சொல்லுங்க', 'தமிழ்லயே பேசுங்க, கத்துக்கறேன்'. மூன்றாவது வாக்கியத்தைச் சொன்ன அதிகாரிக்கு அந்த ஊரே சொல்லித்தரும். அதைச் சொல்லத் தயங்குபவருக்கு உங்கள் வகுப்பு மட்டும்தான் தமிழ்.

இலக்கணத்தில் எதிலிருந்து தொடங்குவது? இந்திக்காரருக்கு நல்ல வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. இந்தியில் 'முஜே சாஹியே' என்பது அப்படியே 'எனக்கு வேணும்'. 'முஜே மாலூம் ஹை' என்பது 'எனக்குத் தெரியும்'. 'மேரே பாஸ் ஹை' என்பது 'என்கிட்ட இருக்கு'. 'முஜ்ஸே நஹீ ஹோகா' என்பது 'என்னால முடியாது'. வாக்கிய அமைப்பும் அதேதான், வினைச்சொல் கடைசியில். ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தந்தால் அவர் 'நான் வேணும்' என்று தொடங்கிவிடுவார். இந்தி வழியாகப் போனால் அந்தத் தவறே வராது. உங்களுக்கு இந்தி அவ்வளவாக வராவிட்டாலும் இந்த நாலு ஜோடியையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாசல் 'கர்னா'. 'கால் கர்னா', 'சேஞ்ச் கர்னா' என்று ஆங்கிலச் சொல்லோடு கர்னாவைச் சேர்த்தே அவர்கள் பேசுகிறார்கள். நாமும் 'கால் பண்ணு', 'சேஞ்ச் பண்ணு' என்கிறோம். ஆக, பண்ணு என்ற ஒரே வினையை ஏழு உருவத்தில் சொல்லிக்கொடுத்தால் வங்கி வேலையில் பாதிக்கு வாய் திறந்துவிடும்: பண்றேன், பண்ணிட்டேன், பண்ணல, பண்ணணும், பண்ணலாம், பண்ணுங்க, பண்ணாதீங்க. 'நம்பர் சேஞ்ச் பண்ணிட்டேன்', 'ஆதார் லிங்க் பண்ணணும்', 'ஓடிபி ஷேர் பண்ணாதீங்க' என்று இரண்டாவது வாரத்திலேயே சரளமாக வரும். சுத்தத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று இங்கே பிடிவாதம் பிடித்தால் மாணவருக்கும் கஷ்டம், கேட்கும் வாடிக்கையாளருக்கும் புரியாது.

ஆனால் இந்தி வழியில் போனால் வரும் இடறல்களும் உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் திருத்துவது எளிது. முதலாவது 'ஹை'. இந்தியில் 'யஹ் ஃபார்ம் ஹை' என்றாலும் ஹை, 'பைசா ஹை' என்றாலும் ஹை. ஹை என்றால் 'இருக்கு' என்று நாம் சொல்லிக்கொடுத்த மறுநாளே 'இது ஃபார்ம் இருக்கு', 'நான் ஆபீசர் இருக்கேன்' என்று வரும். ஒரு பொருள் இன்னது என்று சொல்லும்போது தமிழில் ஒன்றும் வேண்டாம்: 'இது ஃபார்ம்', 'நான் ஆபீசர்'. ஒன்று ஓரிடத்தில் உண்டு என்று சொல்லும்போதுதான் 'இருக்கு'. இரண்டாவது 'நஹீ'. அவர்கள் மறுப்புக்கெல்லாம் 'இல்ல' என்றே சொல்வார்கள். டீ வேணுமா என்று கேட்டால் 'இல்ல', செய்ய முடியுமா என்றால் 'இல்ல'. அதற்குக் கேள்வியும் பதிலும் ஜோடியாகவே பழக்குங்கள்: வேணுமா, வேணாம், முடியுமா, முடியாது, தெரியுமா, தெரியாது, இருக்கா, இல்ல. கேள்வியின் வாலை மாற்றினால் பதில் வந்துவிடும் என்று அவர்களுக்குப் பிடிபட்டதும் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

மூன்றாவது 'ஹம்'. இந்தியில் ஹம் ஒன்றுதான். நமக்கு நாமும் உண்டு, நாங்களும் உண்டு. 'நாம ஹெட் ஆபீசுக்கு லெட்டர் அனுப்பணும்' என்று அதிகாரி சொன்னால், எதிரே இருப்பவர் தானும் ஏதோ எழுதிக்கொண்டு வர வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து நிற்பார். வங்கி செய்வதெல்லாம் 'நாங்க' என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள். நாலாவது 'கல்'. இது கொஞ்சம் ஆபத்தானது. இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். முந்தாநாளும் பர்ஸோ, நாளன்னிக்கும் பர்ஸோ. வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அதனால் தமிழில் நேத்து, நாளைக்கு என்ற இரண்டையும் அவர்கள் மனசு ஒரே பெட்டியில் போட்டுவைத்திருக்கும். 'காசு நாளைக்கு வந்துச்சு' என்பார்கள். முப்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்த ஒருவரிடம் 'நேத்து வாங்க' என்று சொன்னால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். 'நேத்து வரும்' என்றால் வந்ததா, வரப்போகிறதா என்று தெரியாமல் வீணாக அலைவார். தேதியைச் சேர்த்தே சொல்லப் பழக்குங்கள்: 'நாளைக்கு, பதினஞ்சாம் தேதி வாங்க'. தேதி சரியாக இருந்தால் முன்னால் வந்த சொல் தவறினாலும் நஷ்டமில்லை.

இப்போது மூன்றாம் வாரம். மாணவர்கள் நின்றுபோவதற்குப் பெரிய காரணம் இறந்தகாலம். அதுவரை எல்லாம் ஒரு வரிசையில் வந்துகொண்டிருக்கும். திடீரென்று வா என்பது வந்தேன், போ என்பது போனேன், சாப்பிடு என்பது சாப்பிட்டேன், பார் என்பது பாத்தேன், கேள் என்பது கேட்டேன், சொல் என்பது சொன்னேன் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். அதோடு நான், நீங்க, அவர், அவங்க, அது என்று விகுதிகளும் சேர்ந்தால், பத்து வினைக்கு ஐம்பது உருவம். அட்டவணை போட்டுக்கொடுத்தால் அன்றே முடிந்தது. 'இந்த வாரம் கொஞ்சம் வேலை அதிகம்' என்று ஒரு செய்தி வரும், பிறகு வராது. சோம்பேறித்தனம் என்று நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்போம். உண்மையில் அவருக்குத் திணறிவிட்டது.

வங்கிக்காரருக்கு இதைத் தள்ளிப்போட ஒரு வழி இருக்கிறது. கவுன்ட்டரில் பேசப்படுவது பெரும்பாலும் காசு, கார்டு, புக்கு, ஃபார்ம், நகை. எல்லாமே அஃறிணை, எல்லாமே 'அது'. ஆகவே இறந்தகாலத்தில் அஃறிணை உருவம் ஒன்றை மட்டும் எடுத்து, நடந்துவிட்டது, இன்னும் நடக்கவில்லை, நடக்கும் என்ற மூன்று உருவமாகக் கொடுங்கள். ஏறு என்றால்: ஏறிடுச்சு, ஏறல, ஏறும். வா என்றால்: வந்துடுச்சு, வரல, வரும். ஆகு என்றால்: ஆயிடுச்சு, ஆகல, ஆகும். கிடை என்றால்: கெடச்சிடுச்சு, கெடைக்கல, கெடைக்கும். இவற்றோடு 'இன்னும்', 'ரெண்டு நாள்ல', 'இப்பத்தான்' என்று மூன்று சொல் சேர்த்தால் உரையாடல் முழுதாகிவிடும். ஒரு வகுப்பில் அது எப்படிப் போகும் என்று காட்டுகிறேன். நான் பாட்டியாக: 'சாமி, காசு ஏறிடுச்சா பாரு.' அவர்: 'புக்கு குடுங்க பாட்டி.' கொஞ்சம் விட்டு: 'இன்னும் ஏறல பாட்டி. ரெண்டு நாள்ல ஏறும்.' நான்: 'போன மாசத்துக் காசு ஏறுச்சா?' அவர்: 'போன மாசம் ஏறிடுச்சு.' நான்: 'எவ்ளோ?' அவர் தொகையைச் சொல்ல வேண்டும். பிறகு நான் விடமாட்டேன்: 'அப்ப நான் எப்ப வரட்டும்?' இந்த 'வரட்டும்' அவர்களுக்குப் புதிது, ஆனால் 'எப்ப' காதில் விழுந்தாலே பதில் சொல்லிவிடலாம்: 'வெள்ளிக்கெழம வாங்க பாட்டி.' இப்படி இருபது சொல்லுக்குள் ஒரு முழு வேலை முடிகிறது. அன்று மாலை, நிஜமாகவே ஒரு பாட்டிக்கு இதைச் சொல்லி அனுப்பினேன் என்று மாணவரிடமிருந்து செய்தி வந்தால் அவர் நாலாவது வாரமும் வருவார். நான், நீங்க விகுதிகளை இரண்டாவது மாதத்தில், பண்ணு, பார், சொல், கொடு, வாங்கு என்ற ஐந்து வினையில் மட்டும் தொடங்கினால் போதும்.

எண்களில் கணக்கு ஒருபக்கம், காது ஒருபக்கம். சொல்லக் கற்றுக்கொள்வது அவர்களுக்குச் சுலபம். இந்தியில் நூறு வரை ஒவ்வொன்றும் தனி உருவம், தமிழில் அமைப்பு பிடிபட்டால் தானாக ஓடும். கேட்பதில்தான் வழுக்கும், அதிலும் ஒன்பது உள்ள இடத்தில். தொண்ணூறு என்பதன் வாலில் நூறு இருக்கிறது, தொள்ளாயிரம் என்பதன் வாலில் ஆயிரம் இருக்கிறது. 'தொள்ளாயிரம் எடுக்கணும்' என்றால் காதில் ஆயிரம்தான் விழும். கேஷ் கவுன்ட்டரில் இது விளையாட்டு இல்லை. தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒம்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்ற நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லி அவரை இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து அறுபதும் அறநூறும், எழுபதும் எழுநூறும். வாரம் ஒருமுறை இருபது எண் சொல்லி எழுத வைத்து, இருபதும் சரியாக வரும்வரை விடாதீர்கள். நடைமுறையில், தொகையைத் தமிழில் கேட்டாலும் அவர் அதைத் திருப்பிச் சொல்லி, சீட்டில் எழுதியதையும் காட்டிவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பின்ன எண்களில் அவர்களுக்கு வீட்டுச் சொல் உண்டு: 'டேட்' என்பது ஒண்ணர, 'டாயி' என்பது ரெண்டர. ஆனால் 1.75 என்பதை அவர்கள் 'பௌனே தோ', அதாவது இரண்டுக்குக் கால் குறைவு என்பார்கள். நாம் 'ஒண்ணேமுக்கா' என்று ஒன்றிலிருந்து ஏறிப்போகிறோம். நகைக்கடனில் 'ஒண்ணேமுக்கா லட்சம்' என்று யாராவது சொன்னால் தடுமாறுவது இதனால்தான்.

உச்சரிப்பில் எல்லோரும் ழகரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மாணவரும் அதையே முதலில் கேட்பார். விட்டுவிடுங்கள். பணத்த எழுதுங்க என்பதை 'எளுதுங்க' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். தமிழர்களே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். புரியாமல் போவது எகர ஏகாரத்திலும் ஒகர ஓகாரத்திலும். இந்தி எழுத்தில் குறில் எகரமும் ஒகரமும் இல்லை, அதனால் எல்லாவற்றையும் நெடிலாக இழுப்பார்கள். கொஞ்சம் கோஞ்சமாகும், எடு ஏடாகும், பெரிய என்பது பேரிய என்றாகும். தேவநாகரியில் குறிப்பெடுக்கும்போது குறில் வரும் இடத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியில் மூக்கொலிக்கு எழுத்தின் மேல் வைக்கும் அனுஸ்வாரப் புள்ளியோடு குழம்பாமல் இருக்க வேறு நிற மையில். இந்த ஒன்றைத் திருத்தினாலே அவர் பேச்சு பாதி தெளிந்துவிடும். வங்காளியாக இருந்தால் வேறு கதை: வகரம் பகரமாகும், 'வேணும்' என்பது 'பேணும்' என்று வரும். அவருக்கு முதல் வாரம் முழுக்க வாங்க, வேணும், வரல என்று வகரப் பயிற்சிதான்.

இதனால்தான் வெவ்வேறு தாய்மொழிக்காரர்களை ஒரே குழுவில் போடாதீர்கள் என்கிறேன். மலையாளிக்கு நாம் சொல்வது பெரும்பாலும் முதல் நாளே புரியும். அவர் மொழியில் வினைக்கு ஆள் விகுதி கிடையாது, அதனால் நான் வந்தேன், அவர் வந்தார் என்று முடிப்பதில்தான் அவருக்கு வேலை. அவரையும் பீகார்க்காரரையும் சேர்த்து உட்கார வைத்தால், ஒருவருக்கு அலுப்பு, இன்னொருவருக்குத் தாழ்வு மனப்பான்மை, இருவரும் போய்விடுவார்கள். குழு என்றால் ஒரே தாய்மொழி, ஒரே வகை வேலை, நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

மரியாதையை முதல் நாளிலிருந்தே 'ங்க'வோடு கட்டிவிடுங்கள். நீ, வா, போ என்று ஆளைப் பார்த்துப் பேசும் உருவங்களை வகுப்பில் அவர்கள் வாயில் பழக்கவே வேண்டாம். சினிமாவிலும் டீக்கடையிலும் அவர்கள் அவற்றை எப்படியும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒரு பெரியவரைப் பார்த்து 'நீ உக்காரு' என்றால், பாஷை தெரியாதவர் என்று யாரும் மன்னிக்க மாட்டார்கள். பாட்டி அவரை 'சாமி', 'கண்ணு', 'வா, போ' என்று கூப்பிட்டாலும் அவர் பதில் 'வாங்க, சொல்லுங்க பாட்டி'தான் என்று விளக்குங்கள். கொங்குப் பகுதிக் கிளை என்றால் 'சரிங்க', 'இல்லீங்க', 'ஆமாங்க' என்று எதற்கும் ங்க சேர்த்துவிடலாம். அங்கே அதுவே வழக்கம். கூப்பிட அம்மா, ஐயா, அண்ணா, அக்கா, பாட்டி என்ற ஐந்தே போதும். 'ஆன்ட்டி', 'அங்கிள்' வேண்டாம்.

கடைசியாகப் பணம். அரை மணி நேரத்துக்கு 300 ரூபாய், வாரம் மூன்று வகுப்பு, பன்னிரண்டு வகுப்புக்கு 3,600 என்பது என் கணக்கு. அரை மணி என்று சொன்னாலும் முன்னேற்பாடு, குரல் பதிவைத் திரும்பக் கேட்டுத் திருத்துவது, அவர் அனுப்பும் பதிவுக்குப் பதில் சொல்வது என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதை மனதில் வைத்துத்தான் விலை சொல்ல வேண்டும். அரை மணிக்கு 150 என்று சொல்லிவிட்டால் மாதக் கடைசியில் உடம்பு வலிதான் மிஞ்சும். பணத்தை முன்னதாக வாங்கிவிடுங்கள். மாத முடிவில் தருவதாகச் சொன்ன ஐந்து பேர் குழு ஒன்றில், மூன்று பேர் தலைக்கு 1,800 ரூபாய் தராமலே போய்விட்டார்கள், 5,400 ரூபாய். படித்தவர்கள், நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள். இரண்டாம் தடவை நினைவூட்டல் அனுப்பும்போது நமக்குத்தான் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கு இருக்காது. முழு மாதப் பணத்தை முன்பணமாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு வகுப்புக்கு 1,200 என்று பிரித்து வாங்குங்கள். இலவச டெமோ வகுப்பு வேண்டாம். அதற்கு வருபவர் நலமா, பெயர் என்ன என்று பேசிவிட்டுப் போய்விடுவார், அவருக்கும் பயனில்லை. முதல் வகுப்பைத் தனியாகக் கட்டணத்தோடு வையுங்கள். அந்த வகுப்பு முடியும்போது மேலே சொன்ன மூன்று வாக்கியமும் 'காசு ஏறல' உரையாடலில் பாதியும் அவர் வாயில் இருந்தால் மீதிப் பணம் தானாக வரும்.

நேரத்துக்கும் எழுதி வைத்த விதி வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு முன் சொன்னால் வகுப்பை மாற்றித் தருவது, அதற்குப் பிறகு என்றால் அந்த வகுப்பு போனதுதான், மாதத்துக்கு இரண்டு மாற்றம் மட்டும். இதை முதல் பணம் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை வகுப்பு வங்கிக்காரர்களுக்கு ஒத்துவராது. கணக்கு முடிக்காமல் அவர்கள் எழுந்திருக்க முடியாது. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வைத்தால் வருவார்கள், படித்ததை ஒரு மணி நேரத்துக்குள் கவுன்ட்டரில் பேசியும் பார்த்துவிடுவார்கள். மார்ச் கடைசி வாரத்தில் வகுப்பே வைக்காதீர்கள். மாத முதல் வாரத்திலும் கூட்டம் அதிகம், அந்த வாரம் மூன்றுக்குப் பதில் இரண்டு வகுப்பு வைத்துவிட்டு மீதியைப் பின்னால் தள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை தொலைபேசி. முகம் தெரியாமல், கை காட்டாமல், வாடிக்கையாளராக அவரை அழைத்து, நகையைத் திருப்ப எவ்வளவு கட்ட வேண்டும், எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும், என்றைக்கு வர வேண்டும் என்று மூன்று கேள்வி கேட்பேன். இடையில் ஒரு முறை வேண்டுமென்றே வேகமாகப் பேசுவேன். அவர் 'இன்னொரு தடவ சொல்லுங்க' என்று கேட்டு, மூன்றுக்கும் சரியான பதில் சொல்லி வைத்துவிட்டால் அடிப்படை வகுப்பு முடிந்தது. பெரும்பாலும் இரண்டாவது மாத முடிவில் இது நடக்கும். மேற்கொண்டு தமிழ் எழுத்து வேண்டும் என்பவருக்குப் புதிதாக ஒரு தொகுப்பு, புதிய கட்டணம். அதற்கு அவர் தன் கிளையில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவிப்புகளைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும், அதிலிருந்தே தொடங்கலாம்.